நான்கில் மூன்றும் த்ரீ ஃபோர்த்ஸும்: எந்த எண் முதலில் வரும்?

ஒரு தாய் எழுதிக் கேட்டிருந்தார். அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள், பின்னக் கணக்கை நன்றாகவே போட்டவள். ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறியதும், ஆசிரியர் ‘த்ரீ ஃபோர்த்ஸ்’ என்று சொன்னால் 4/3 என்று எழுதுகிறாள். ‘டூ ஃபிஃப்த்ஸ்’ என்றால் 5/2. “பின்னமே மறந்துபோச்சா, இல்லை வார்த்தைதான் பிடிபடலையா?” என்று கேட்கிறார்.

மறக்கவில்லை. தமிழில் கற்றதைச் சரியாக நினைவில் வைத்திருப்பதால்தான் அப்படி எழுதுகிறாள். 3/4 என்பதைத் தமிழில் ‘நான்கில் மூன்று’ என்று படிக்கிறோம். காதில் முதலில் விழும் எண் கோட்டுக்குக் கீழே போகும், அடுத்து விழுவது மேலே போகும். பல நூறு தடவை இப்படி எழுதிப் பழகிய கை, ‘த்ரீ’ என்று கேட்ட உடனே அதைக் கீழே வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் முதலில் வருவது மேலே உள்ள எண் என்பதை அவளுக்கு யாரும் தனியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் ஆங்கிலத்திலேயே கற்றவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது.

சொற்பட்டியல் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன்னால் இந்த வரிசையைத்தான் சரிசெய்ய வேண்டும். பின்னம் என்றால் ஃப்ராக்‌ஷன், தகு பின்னம் என்றால் ப்ராப்பர் ஃப்ராக்‌ஷன், கலப்பு பின்னம் என்றால் மிக்ஸட் ஃப்ராக்‌ஷன் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். அதிலும் ‘சின்னாபின்னம்’ என்ற சொல்லில் உள்ள பின்னமும் இதுவும் ஒன்றுதான், உடைந்தது என்று பொருள். எலும்பு முறிந்தால் சொல்கிற ஃப்ராக்சரும் ஃப்ராக்‌ஷனும் ஒரே வேரில் வந்தவை, அதுவும் உடைவதுதான் என்று சொல்லிவிட்டால் பிள்ளை அந்தச் சொல்லை மறக்காது.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி தொகுதியும் பகுதியும்தான். பகு என்றால் பிரி, தொகு என்றால் சேர். கீழே இருக்கும் பகுதி, முழுப் பொருளை எத்தனையாகப் பகுத்தோம் என்று சொல்கிறது. மேலே இருக்கும் தொகுதி, அதில் எத்தனையைத் தொகுத்து எடுத்தோம் என்று சொல்கிறது. முதலில் பகுத்தால்தான் பிறகு தொகுக்க முடியும், அதனால் தமிழ் ‘நான்கில்’ என்று பகுதியை முதலில் சொல்வது வேலை நடக்கிற வரிசையிலேயே இருக்கிறது. ஆங்கிலச் சொற்கள் வேறு படத்தைக் காட்டுகின்றன. டினாமினேட்டர் என்பதன் மூலப் பொருள் பெயர் வைப்பது, நியூமரேட்டர் என்பதன் மூலப் பொருள் எண்ணுவது. அதாவது ‘ஃபோர்த்’ என்பது ஒரு துண்டின் பெயர், ‘த்ரீ’ என்பது அந்தப் பெயருள்ள துண்டுகள் எத்தனை என்ற கணக்கு. ‘மூன்று பென்சில்’ என்கிற மாதிரி ‘மூன்று ஃபோர்த்’, அதனால்தான் பன்மைக்கான ‘ஸ்’ கடைசியில் ஒட்டிக்கொள்கிறது.

இதில் எது நல்ல முறை என்று கேட்டால், இரண்டும் இரண்டு வேலைக்கு நல்லவை. ஒரு பின்னம் என்ன அளவு என்று மனத்தில் படம் வருவதற்குத் தமிழ் முறை உதவுகிறது. கொரிய மொழியிலும் 3/4ஐ ‘நான்கு பங்கில் மூன்று’ என்ற வரிசையில்தான் சொல்வார்கள். ஐரீன் மியூராவும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் பின்னம் கற்பதற்கு முன்பே கொரியச் சிறுவர்கள் அமெரிக்க, குரோஷியச் சிறுவர்களைவிட நன்றாகப் பின்னங்களைப் படங்களோடு பொருத்தினார்கள். 2003இல் ஜே பைக், கெல்லி மிக்ஸ் என்ற இருவர் இதைத் திரும்பச் சோதித்தபோது, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடமே பின்னத்தின் பெயரை ‘இத்தனை பங்கில் இத்தனை’ என்ற வடிவில் சொல்லிப் பார்த்தார்கள். அப்போது அவர்களும் நன்றாகச் செய்தார்கள். ஆக, ‘பங்கு’ என்று வாய்விட்டுச் சொல்வதில்தான் பலன் அதிகம். வெறுமனே ‘நான்கில் மூன்று’ என்று சொல்வதைவிட ‘நான்கு பங்கில் மூன்று பங்கு’ என்று சொல்லிக்கொடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளை வைத்து இப்படிப்பட்ட சோதனைகளை நிறைய செய்ய வேண்டும் என்பது என் ஆசை. காகிதமும் படமும் பொறுமையாகக் கேட்க ஒரு ஆளும் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தால் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு உடனே பயன்படும்.

கூட்டல் என்று வந்தால் ஆங்கில முறைக்குப் பலம் அதிகம். 2/7 + 3/7 என்பதை ‘ஏழில் இரண்டு, ஏழில் மூன்று’ என்று கேட்கும் பிள்ளை, ஏழையும் ஏழையும் கூட்டி 5/14 என்று எழுதிவிடுவதுண்டு. ‘டூ செவன்த்ஸ், த்ரீ செவன்த்ஸ்’ என்று கேட்டால் இரண்டு பென்சிலும் மூன்று பென்சிலும் ஐந்து பென்சில் ஆவதுபோல ‘ஃபைவ் செவன்த்ஸ்’ என்று வாயே விடையைச் சொல்லிவிடும். பெயரை யாரும் கூட்ட மாட்டார்கள் இல்லையா! பகுதிகள் வேறாக இருந்தால் ஏன் மீச்சிறு பொது மடங்கு எடுக்கிறோம் என்பதும் இதிலேயே விளங்கும்: இரண்டு துண்டுகளுக்கும் ஒரே பெயர் வரும்வரை மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

சரி, ஆங்கில முறையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பெயரை உண்டாக்குவது சொல்லின் முடிவில் வரும் அந்த ‘த்’ ஒலிதான். ‘ஹண்ட்ரட்ஸ்’ என்பது நூறுகள், ‘ஹண்ட்ரட்த்ஸ்’ என்பது நூறில் ஒரு பங்குகள். ‘த்ரீ டென்ஸ்’ 30, ‘த்ரீ டென்த்ஸ்’ 3/10. புதிதாகக் கேட்கும் காதுக்கு இந்த வித்தியாசம் பிடிபடச் சில மாதம்கூட ஆகலாம். போதாததற்கு ‘தேர்ட்’ என்றால் மூன்றாவது என்றும் பொருள், மூன்றில் ஒரு பங்கு என்றும் பொருள். தமிழில் இந்தக் குழப்பமே இல்லாததால் பிள்ளை இதை எதிர்பார்த்திருக்காது.

இனி வரிசைக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் அது ஒரு பின்னத்தோடு நிற்பதில்லை. ‘20இல் நான்கில் மூன்று பங்கு’ என்று தமிழில் சொல்லும்போது எண்கள் வரும் வரிசை 20, 4, 3. ஆங்கிலத்தில் ‘த்ரீ ஃபோர்த்ஸ் ஆஃப் ட்வென்டி’, அதாவது 3, 4, 20. கண்ணாடியில் பார்த்ததுபோல முழுசாகத் திரும்பிவிட்டது. கணக்கைச் செய்யும் வரிசை தமிழ் வரிசைதான்: 20ஐ எடு, நான்காகப் பகு, ஒரு பங்கு 5, மூன்று பங்கைத் தொகு, 15. எனவே ‘ஆஃப்’ என்ற சொல்லைக் கண்டால் வாக்கியத்தின் பின்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

‘ஃப்ரம்’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘7/8இலிருந்து 3/8ஐக் கழி’ என்பதில் எண்கள் வரும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்று. ஆங்கிலத்தில் ‘சப்ட்ராக்ட் த்ரீ எய்ட்த்ஸ் ஃப்ரம் செவன் எய்ட்த்ஸ்’ என்று 3/8 முன்னால் வந்துவிடும். பிள்ளை 3/8 − 7/8 என்று எழுதும், சிறியதிலிருந்து பெரியது போகாதே என்று தானாகத் திருப்பிக் கழித்து 4/8, அதாவது 1/2 என்று சரியான விடையையே எழுதிவிடும். விடை சரி என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து இயற்கணிதத்தில் ‘5இலிருந்து xஐக் கழி’ என்பதை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு x − 5 என்று எழுதும்போதுதான் தவறு வெளியே வரும். அதனால் விடையை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள். ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’, ‘லெஸ் தேன்’ என்பதில் வரும் ‘தேன்’ இந்த மூன்றும் வரிசையைத் திருப்பும். ‘பை’ திருப்பாது, ‘டிவைட் சிக்ஸ் பை டூ’ என்பது ‘6ஐ 2ஆல் வகு’ என்ற அதே வரிசைதான்.

சிக்கல் வரிசையிலா பின்னத்திலா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 2/5, 3/8, 7/4, 5/6 என்று நான்கு பின்னங்களை முதலில் எழுதிக் காட்டிப் படம் வரைந்து நிழலிடச் சொல்லுங்கள், அப்புறம் தமிழில் சொல்லி எழுதச் சொல்லுங்கள், கடைசியாக ஆங்கிலத்தில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதில் மட்டும் தவறு வந்தால் பின்னம் நன்றாகத் தெரிகிறது, சொல் வரிசைதான் பிரச்சினை. நிழலிடுவதிலேயே தவறு வந்தால் மொழியைக் குறை சொல்லிப் பயனில்லை, பின்னத்தைத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். 7/4ஐ வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். பின்னம் ஒன்றைவிடப் பெரிதாக இருக்கலாம் என்று அறியாத பிள்ளை எந்த மொழியில் கேட்டாலும் அதை 4/7 ஆக்கிவிடும்.

வடிவியலிலும் இதே கண்ணாடிதான். ‘முக்கோணத்தின் கர்ணத்தின் நடுப்புள்ளி’ என்று தமிழில் படித்துக்கொண்டே வரையலாம்: முக்கோணம், அதில் கர்ணம், அதில் நடுப்புள்ளி. ஆங்கிலத்தில் ‘மிட்பாயின்ட் ஆஃப் தி ஹைபாட்டனியூஸ் ஆஃப் தி ட்ரையாங்கிள்’ என்று இன்னும் வரையாத ஒன்றின் நடுப்புள்ளியில் தொடங்குகிறது. கடைசிச் சொல்லைப் பிடித்துப் பின்னாலிருந்து வரையச் சொன்னால் போதும்.

அப்புறம் ‘ரைட் ஆங்கிள்’. இதை வலப்பக்கக் கோணம் என்று நினைத்து, இடப்பக்கம் திரும்பியிருக்கும் செங்கோணத்தை ‘லெஃப்ட் ஆங்கிள்’ என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. ‘ரைட்’ என்பதற்கு நேரானது என்ற பழைய பொருள் இருக்கிறது. செங்கோணத்தில் உள்ள ‘செம்’மும் நேர் என்பதுதான், வளையாத கோல் செங்கோல் என்பதுபோல. இரண்டு மொழியும் ஒரே எண்ணத்தில் பெயர் வைத்திருக்கின்றன.

வட்டத்தில் இது இன்னும் அழகாக இருக்கிறது. பரிதியின் ஒரு துண்டு வில், அதன் இரு முனைகளையும் இணைக்கும் கோடு நாண். ஆங்கிலத்தில் ஆர்க், கார்டு. ஆர்க் என்பது வில்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, கார்டு என்பது நரம்புக் கயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மகளிடம் ஒரு வில்லை வரையச் சொல்லி, வளைந்த பக்கத்தில் ‘ஆர்க்’ என்றும் கயிற்றில் ‘கார்டு’ என்றும் எழுதச் சொல்லுங்கள். நாண் என்றால் என்ன என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.