மூன்றாம் குரோமோசோமில் ஒரு நியாண்டர்தால் துண்டு

வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டைப் போனில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் என் கிளினிக்குக்குச் சிலர் வருகிறார்கள். அதில் நியாண்டர்தால் பங்கு என்று ஒரு பக்கம் இருக்கும். சுமார் 50,000 முதல் 43,000 ஆண்டுகளுக்கு முன்பு, ஆப்பிரிக்காவிலிருந்து வெளியே வந்த நம் முன்னோர், இன்று அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களோடு கலந்து பிள்ளை பெற்றார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கும் எல்லாருடைய டிஎன்ஏவிலும் அதன் மிச்சம் சுமார் 2 சதவீதம் இருக்கிறது.

இதைப் படித்ததும் பலரும் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றித்தான். "அக்கா வெளுப்பு, நான் கறுப்பு. இது அதனாலயா டாக்டர்?" இல்லை. தெற்காசியாவில் ஒரே குடும்பத்துக்குள்கூட நிறம் மாறுவதில் பெரிய பங்கு வகிக்கும் SLC24A5 என்ற மரபணுவின் வெளிர்நிற வடிவம் நவீன மனிதர்களான நம்மிடமே தோன்றியது. நியாண்டர்தால்களிடம் அது இல்லை. தோல், முடி, நகம் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கெரட்டின் புரதத்தோடு தொடர்புள்ள மரபணுக்களில் நியாண்டர்தால் துண்டுகள் அதிகமாகத் தங்கியிருப்பதை 2014இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பிரிட்டனில் லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவலை வைத்து 2017இல் செய்த ஆய்வில், சில நியாண்டர்தால் துண்டுகள் தோலை வெளுப்பாக்கும் பக்கமும் வேறு சில கறுப்பாக்கும் பக்கமும் தள்ளுவது தெரிந்தது. ஆக, நியாண்டர்தால்களுக்குள்ளேயே பல நிறத்தவர் இருந்திருக்க வேண்டும். ஒருவரின் நிறத்தையோ சுருட்டை முடியையோ பார்த்து, இவருக்கு அந்தப் பங்கு கூடுதல் என்று சொல்ல வழியே இல்லை.

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய துண்டு வேறு. அது மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. நீளம் சுமார் 50,000 டிஎன்ஏ எழுத்துகள். கோவிட் வந்தபோது நோய் யாருக்கு முற்றியது என்று தேடிய ஆய்வாளர்கள் இந்த இடத்தில் வந்து நின்றார்கள். 2020இல் மரபியல் ஆய்வாளர்கள் ஹ்யூகோ சேபெர்கும் ஸ்வாந்தே பேபோவும், குரோஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த சுமார் 50,000 ஆண்டுப் பழைய நியாண்டர்தால் எலும்பின் டிஎன்ஏவோடு அதை ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய அப்படியே பொருந்தியது.

பொருந்தினால் மட்டும் போதுமா? நமக்கும் நியாண்டர்தாலுக்கும் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பொதுவான மூதாதை உண்டு. அந்த மூதாதையிடமிருந்தே இரண்டு பேருக்கும் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் நீளம் உதவுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோலத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஐந்து லட்சம் ஆண்டு இப்படிக் கலைந்திருந்தால் ஒன்றாக ஒட்டிவரும் துண்டு இதைவிட மிகச் சிறியதாக இருந்திருக்கும். 50,000 எழுத்து இன்னும் சேர்ந்தே இருக்கிறது என்றால் அது பிற்காலத்தில்தான் நமக்குள் வந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் இந்தத் துண்டு ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதும் இதற்கு ஒத்துப்போகிறது.

தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இதன் ஒரு பிரதியாவது இருக்கிறது. ஐரோப்பாவில் அது 16 சதவீதம்தான். கோவிட் தொற்றினால் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றும் வாய்ப்பு இதைச் சுமப்பவர்களுக்குச் சுமார் 1.6 மடங்கு. 60 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் இதன் தாக்கம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. காரணம் நோய் எதிர்ப்பு அணுக்களில் மட்டும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்தத் துண்டு LZTFL1 என்ற மரபணுவின் வேலையைக் கூட்டுவதாகவும், அதனால் நுரையீரலின் உள்பூச்சு அணுக்கள் வைரஸுக்கு எதிராகத் தங்களை மாற்றிக்கொள்வது தடைப்படலாம் என்றும் 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அப்பாவுக்கு 48 வயது, சர்க்கரை இருந்தது. இரண்டாம் அலையில் இறந்துபோனார். அதே வீட்டில் இருந்த பெரியப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சலோடு சரியாகிவிட்டது. தன் ரிப்போர்ட்டின் மூலக் கோப்பில், இந்தத் துண்டை அடையாளம் காட்டும் இடத்தின் பெயரான rs10490770 என்று தேடியிருக்கிறார். அந்த இடத்தில் TC என்று இருந்தது. C என்பது நியாண்டர்தால் துண்டோடு வரும் எழுத்து. TT என்றால் பிரதி இல்லை, TC என்றால் ஒன்று, CC என்றால் இரண்டு. சில நிறுவனங்கள் டிஎன்ஏவின் எதிர் இழையைப் படித்து எழுதுவார்கள். அப்போது T இருக்கும் இடத்தில் A வரும், C இருக்கும் இடத்தில் G வரும். இதைக் கவனிக்காமல் AG என்பதை வேறு ஏதோ புதிய மாற்றம் என்று பயந்து வந்தவர்களும் உண்டு.

"இது அப்பாகிட்ட இருந்து வந்ததுதானே டாக்டர்? இதுனாலதானே அவரு போனாரு?" என்று கேட்டார்.

இரண்டு கேள்விகளையும் பிரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த C அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம், அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம். அம்மாவைப் பரிசோதித்து TT என்று வந்தால் அப்பாவிடம் ஒன்றாவது இருந்தது உறுதி. அம்மாவுக்கு CC என்றால் மகளின் C அம்மாவுடையது. TC என்று வந்தால் எதுவும் முடிவாகாது. சரி, அப்பாவிடம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஏனென்றால் இதே துண்டைச் சுமந்துகொண்டு கோவிட் வந்து பிழைத்தவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். பெரியப்பாவிடமும் அது இருந்திருக்கலாம். அப்பாவுக்குக் கட்டுப்படாத சர்க்கரை இருந்தது; ஆக்சிஜன் அளவு குறைந்து ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகுதான் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். 1.6 மடங்கு என்பது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் கணக்கு. ஒரு மனிதரின் மரணத்துக்கு முன்னால் அதை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் மனதில் குடும்ப ரத்தமே குறையுள்ளது என்ற எண்ணம் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

அம்மாவுக்கும் தம்பிக்கும் டெஸ்ட் எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை ஒன்றும் மாறப்போவதில்லை. அந்தப் பணத்துக்கு அம்மாவுக்கும் தம்பிக்கும் எச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனை பார்க்கச் சொன்னேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்த வீட்டில் அதன் முடிவை வைத்து உடனே ஏதாவது செய்ய முடியும். அப்புறம், அம்மாவுக்கு நிலுவையில் இருந்த தடுப்பூசியையும் போடச் சொன்னேன்.

கெடுதல் செய்யும் துண்டு இத்தனை பேரிடம் ஏன் தங்கியது என்பது நியாயமான கேள்வி. ஏதோ ஒரு பழைய தொற்றிலிருந்து அது நம் முன்னோரைப் பாதுகாத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எந்தத் தொற்று என்பது நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அதனால் நன்மையும் உண்டு என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. இதே துண்டைச் சுமப்பவர்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு என்று 2022இல் சேபெர்க் வெளியிட்டார். எச்ஐவி அணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் CCR5 என்ற ஏற்பியின் மரபணு இதே குரோமோசோமில் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தத் துண்டு உள்ளவர்களிடம் அந்த ஏற்பி குறைவாக உருவாகிறது. எச்ஐவி மனிதரிடம் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான் என்பதால், துண்டு பரவியதற்கு அது காரணமாக இருக்க முடியாது.

12ஆம் குரோமோசோமில் இன்னொரு நியாண்டர்தால் துண்டு இருக்கிறது. வைரஸின் ஆர்என்ஏவைச் சிதைக்கத் தூண்டும் ஓஏஎஸ் மரபணுக்கள் அதில் உள்ளன. அதைச் சுமப்பவர்களுக்குக் கோவிட் முற்றும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம் குறைகிறது. குளச்சல் பெண் மூன்றாம் குரோமோசோமை மட்டும்தான் தேடிப் பார்த்திருந்தார். ஒரே ஆளிடம் இரண்டு துண்டுகளும் இருக்கலாம்.