டைல்ஸ் ஒட்டும் முன் குழாய்ப் புள்ளிகள்: இன்னும் எழும்பாத சுவரிலிருந்து அளப்பது எப்படி?

புதுக் குளியலறையில் பிளம்பர் வேலை செய்யும்போது கண்ணில் படுவது செங்கல் சுவரும் காங்கிரீட் தளமும்தான். அவர் வைக்கிற புள்ளிகளோ பூச்சும் பசையும் டைல்ஸும் முடிந்த பிறகு வரப்போகும் முகத்துக்குப் பொருந்தியாக வேண்டும். இடம் தப்பிப்போன புள்ளிகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: டேப்பின் நுனியைச் செங்கல்லில் வைத்து அளந்திருப்பார்கள். நிறுவனம் தரும் வரைபடத்தில் உள்ள ஒவ்வோர் அளவும் டைல்ஸ் முகத்திலிருந்தும் முடிந்த தரையிலிருந்தும் சொல்லப்பட்டது. எனவே அந்த முகத்தை முதலில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குக் குழாய் வேலைக்கு முன்பே கொத்தனார் ஒருமுறை வந்தாக வேண்டும். மேலும் கீழுமாகச் சுவரில் சின்னச் சின்னக் கலவைத் திட்டுகள் வைத்து, தூக்குகுண்டு பிடித்து, பூச்சு எந்த மட்டத்துக்கு வரும் என்று அவர் குறித்துவிட வேண்டும். கூடவே மட்டக்குழாய் பிடித்து நான்கு சுவரிலும் ஒரே கோடு அடிக்க வேண்டும். முடிந்த தரையிலிருந்து அந்தக் கோடு 1,000 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். அறைக்கதவின் உள்பக்கத்தில் டைல்ஸ் எந்த மட்டத்தில் முடியுமோ அதுதான் பூஜ்யம். இதன்பிறகு உயரம் எதுவானாலும் இந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். காங்கிரீட் தளத்திலிருந்து அளக்கவே கூடாது. தளம் மேடுபள்ளமாக இருப்பதுதான் வழக்கம்.

இப்போது கிளாசெட். தரைக்குள் இறங்கும் எஸ்-ட்ராப் வகையை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் பின்சுவரிலிருந்து துளையின் மையத்துக்கு 230 மி.மீ. என்று போட்டிருக்கிறது. பின்சுவரில் தூக்குகுண்டு பிடித்தால், சுவர் மேலே போகப்போக 10 மி.மீ. உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. பூச்சு மேல்பக்கத்தில் குறைந்தது 12 மி.மீ. வேண்டும். அப்படியானால் தரையோரத்தில் அது 22 மி.மீ. ஆகிவிடும். அதன்மேல் பசை 5, டைல்ஸ் 10. மொத்தம் 37. ஆகவே செங்கல்லிலிருந்து துளை மையம் 230-உம் 37-உம் சேர்ந்து 267 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

“பூச்சும் டைல்ஸும் சேர்த்து முப்பது வரும்” என்ற வாய்க்கணக்கில் போனவர் 260-இல் குழாயை நிறுத்தியிருப்பார். டைல்ஸ் ஒட்டிய பிறகு அங்கே கிடைப்பது 223 மி.மீ.தான். அதாவது 7 மி.மீ. குறை. கிளாசெட்டைத் தூக்கி வைத்தால் அதன் முதுகு டைல்ஸில் முட்டும், அடித்துளையோ குழாய்க்கு முன்னாலேயே நின்றுவிடும். ரப்பர் காலரை இழுத்துப் பிடித்துப் பொருத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஒருபக்கம் நசுங்கிய காலர் அடுத்த பக்கத்தில் வாய் திறந்துகொள்ளும். கசிவு டைல்ஸுக்கு அடியிலேயே போவதால் பல மாதம் யார் கண்ணுக்கும் படாது. நாற்றமோ கீழ்வீட்டுக் கூரையின் ஈரமோதான் முதலில் தெரியவரும்.

அதனால் 267 என்று கணக்கு வந்தால் 272-இல் நிறுத்துவது நல்லது. கிளாசெட்டுக்குப் பின்னால் 5 மி.மீ. இடைவெளி இருந்தால் சீலன்ட் போட்டு மூடிவிடலாம். கூடினால் சமாளிக்கலாம், குறைந்தால் தரையை உடைக்க வேண்டும். அதற்காக 30, 40 மி.மீ. கூட்டி வைத்துவிடவும் கூடாது. முதுகுக்குப் பின்னால் கைநுழைகிற சந்து விழும். கோணல் கனெக்டர் போட்டுச் சரிக்கட்டலாம் என்பார்கள். அது கழிவின் வழியை வளைத்து அடைப்புக்கு இடம் கொடுக்கும். புது வேலையில் அதை எண்ணி அளவு வைப்பது தவறு.

வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பீங்கான் சூளையில் வேகும்போது சுருங்கும். ஒரே மாடலில் இரண்டு கிளாசெட்டை வைத்து அளந்தாலும் சில மில்லிமீட்டர் மாறும். முடிந்தால் பொருளை வாங்கி வந்துவிட்டே குழாய் வேலையைத் தொடங்குங்கள். அட்டை விரித்துப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முதுகு விளிம்பிலிருந்து துளை மையம்வரை நீங்களே அளந்து பாருங்கள். கிடைப்பது 234 என்றால் 234-தான் கணக்கு.

பக்கச்சுவரிலிருந்து மையம் 450 மி.மீ. இருந்தால் உட்காரத் தாராளம். மிகவும் குறுகலான அறையில் 380-வரை இறங்கலாம், அதற்கும் கீழே போனால் முழங்கை சுவரில் இடிக்கும். இதுவும் டைல்ஸ் முகத்திலிருந்துதான். பக்கச்சுவர் நேராக நின்று பூச்சு 15 என்றால், செங்கல்லிலிருந்து 480. தண்ணீர்ப் புள்ளியில் ஒரு எச்சரிக்கை: பக்கமெல்லாம் மூடிய கிளாசெட் என்றால் ஆங்கிள் வால்வ் அதன் உடம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். உடம்பின் அகலத்தில் பாதியை எடுத்து, அதோடு கை நுழைய 70 மி.மீ.யாவது சேர்த்து மையத்திலிருந்து தள்ளி வையுங்கள். அகலம் 360 என்றால் 250 மி.மீ. தள்ளல்.

தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் 110 மி.மீ. குழாயை இப்போதே மட்டமாக அறுத்துவிடாதீர்கள். ஒரு சாண் நீளம் விட்டு மூடி போட்டு வையுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு அறுத்தால்தான் விளிம்பு சரியான மட்டத்துக்கு வரும். முன்கூட்டி அறுத்தது தரைக்குக் கீழே போய்விட்டால், காலருக்கும் குழாய்க்கும் நடுவில் வெறும் கலவைதான் சுவராக நிற்கும்.

வாஷ்பேசினில் சிக்கல் குறைவு. விளிம்பு 850 மி.மீ. உயரத்தில் வரும் சாதாரண பேசினுக்குக் கழிவுத் துளை மையம் 500 முதல் 550-க்குள் இருந்தால் பாட்டில் ட்ராப் ஒழுங்காக உட்காரும். அதற்கு மேலே வைத்தால் ட்ராப்பின் வெளிவாய் சுவர்த் துளைக்குக் கீழே போய், தண்ணீர் மேல்நோக்கி ஏற வேண்டியதாகிவிடும். சற்றுத் தாழ்ந்தால் ட்ராப்பின் மேல்குழாயை இழுத்து நீட்டிக்கொள்ளலாம். தண்ணீர்ப் புள்ளிகள் மையத்துக்கு இருபுறமும் 75 முதல் 100 மி.மீ. தள்ளி, கழிவுத் துளையைவிடச் சற்று உயரத்தில். எதிரே நின்று பார்க்கும்போது சுடுநீர் இடக்கை, குளிர்நீர் வலக்கை. கீழே இழுப்பறை வரப்போகிறது என்றால் தச்சரின் அளவு கைக்கு வராமல் புள்ளி வைக்காதீர்கள்.

ஷவரில் உயரத்தைவிட ஆழம்தான் ஆளைக் கவிழ்க்கும். சுவருக்குள் புதையும் டைவர்ட்டரின் பிளாஸ்டிக் உறையில் இரண்டு கோடுகள் இருக்கும்: டைல்ஸ் முகம் குறைந்தது இதுவரை வர வேண்டும், அதிகம் போனால் இதுவரை. உதாரணத்துக்கு, உடம்பின் முதுகிலிருந்து முதல் கோடு 60 மி.மீ., இரண்டாவது 80 என்று வைத்துக்கொள்வோம். நடுவைக் குறிவைத்தால் 70. செங்கல்லுக்கு மேல் பூச்சும் பசையும் டைல்ஸும் 30 வரும் சுவரில், செங்கல்லைக் கொத்த வேண்டிய ஆழம் 40 மி.மீ. மேடு தட்டினாலும் பள்ளம் விழுந்தாலும் 10 மி.மீ. கைவசம் இருக்கிறது.

இந்தக் கணக்கைப் பார்க்காமல் “நன்றாக உள்ளே தள்ளி வை” என்று வைத்தால், கடைசியில் கைப்பிடியின் தண்டு தட்டுக்கு வெளியே எட்டாது. நீட்டிப்புத் துண்டு எல்லா மாடலுக்கும் கிடைப்பதில்லை. வெளியே துருத்தினால் தட்டு டைல்ஸோடு ஒட்டாது, அந்த இடுக்கில் தண்ணீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ரசமட்டத்தை உடம்பின் முகத்தில் நெடுக்கும் குறுக்கும் வைத்துப் பாருங்கள். உள்ளே 2 மி.மீ. சாய்ந்தால் வெளியே பெரிய தட்டில் அது பளிச்சென்று தெரியும். உறையைத் தட்டு மாட்டும் நாள்வரை கழற்றக் கூடாது. காங்கிரீட் தூணிலோ உத்திரத்திலோ இதற்காகக் கொத்தவும் கூடாது. அப்படி ஓர் இடம் வந்தால் புள்ளியைத்தான் நகர்த்த வேண்டும்.

டைவர்ட்டர் மையம் 1,000 முதல் 1,100, ஷவர் தலைக்கான புள்ளி 2,000 முதல் 2,100 மி.மீ. உயரம் பொதுவாகப் பொருந்தும். வீட்டில் உயரமானவர் இருந்தால் அவரை நிற்கவைத்துப் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள். பித்தளை மரை உள்ள எல்போ எதுவானாலும் அதன் வாய் டைல்ஸ் முகத்தோடு சமமாகவோ ஓரிரு மில்லிமீட்டர் உள்ளேயோ நிற்கட்டும். உள்ளே போனதை நீட்டிப்புத் துண்டால் சரிசெய்யலாம். வெளியே நிற்பதை மூட வழியில்லை.

தரை ட்ராப்புக்கு வருவோம். கதவிலிருந்து 2,000 மி.மீ. தள்ளி ஷவர் மூலையில் ட்ராப் இருக்கிறது. 80-க்கு 1 சரிவு கொடுத்தால் அங்கே தரை 25 மி.மீ. தாழ வேண்டும். ஜாலியின் மேல்முகம் டைல்ஸ் மட்டத்தில் வரும். அதன் கீழே டைல்ஸும் பசையும் 15. எனவே ட்ராப் வாய், 1,000 கோட்டிலிருந்து 1,040 மி.மீ. கீழே. ஒரு 10 மி.மீ. உயர்ந்துவிட்டாலே மிஞ்சும் சரிவு 2,000-க்கு 15தான், 133-க்கு 1. டைல்ஸ் சிறிது மேடுபள்ளமானாலும் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும். ட்ராப்பின் மேல்துண்டை நீளமாக விட்டுவிட்டு, சரிவுக் கலவை போடும்போது அறுப்பது பாதுகாப்பு. பக்கவாட்டில் எங்கே வைப்பது என்பதை டைல்ஸ் அளவோடு சேர்த்து யோசியுங்கள். டைல்ஸ் மூலையிலோ இணைப்புக் கோட்டிலோ ஜாலி வந்தால் சரிவுக்கு வெட்டுவது எளிது. பெரிய டைல்ஸின் நட்டநடுவில் வந்தால் நான்கு பக்கமும் சரிக்க முடியாமல் கொத்தனார் திணறுவார்.

பூசி மூடுவதற்கு முன், வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்து எல்லா வாயும் அடைத்த நிலையில் தண்ணீர்க் குழாய்களைச் சோதியுங்கள். முள் இறங்கினால் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கழிவுக் குழாயில் வாய்வரை தண்ணீர் நிரப்பி மட்டம் குறித்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் அருகே டேப்பை விரித்துப் பிடித்து, 1,000 கோடும் பக்கச்சுவரும் தெரியப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் துண்டுக் கம்பிக்கும் கண்ணாடிக்கும் துளை போட வருகிறவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் படத்தைத்தான்.