மூன்று மூடி ஊற்றினாலும் மணம் நிற்காது

இந்த மாதத்தில் இது நான்காவது மூட்டை. சுங்கை சிப்புட்டில் டோபிக் கடை வைத்திருக்கும் எனக்கு, முடிச்சை அவிழ்க்கும்போதே விஷயம் தெரிந்துவிடுகிறது. மேலே மெல்லிய பூ மணம், அதற்கடியில் புளித்த வாடை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அக்கா ஆறு துவாலைகளை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மூன்று மூடி சாஃப்ட்னர் ஊற்றுகிறேன். மறுநாளே வாசம் போய்விடுகிறது. கடைக்காரர் தண்ணீர் கலந்து விற்கிறாரா?"

கடைக்காரர் மேல் குற்றமில்லை. எப்போது ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் வீட்டில் இருப்பது இரண்டு தொட்டி இயந்திரம். சவர்க்காரத் தூளைப் போடும்போதே சாஃப்ட்னரையும் சேர்த்து ஊற்றிவிடுகிறாராம். "இரண்டும் துணிக்குத்தானே?" என்றார்.

இதைத்தான் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இரண்டும் துணிக்குத்தான், ஆனால் ஒரே தண்ணீரில் இல்லை. சவர்க்காரத் தூளில் அழுக்கை எடுக்கும் பொருள் எதிர்மின்னூட்டம் கொண்டது. சாஃப்ட்னரில் இருப்பது நேர்மின்னூட்டம் கொண்ட ஒருவகைக் கொழுப்பு. நனைந்த பருத்தி நூலில் இலேசான எதிர்மின்னூட்டம் இருப்பதால், அலசிய துணியில் அந்தக் கொழுப்பு தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு மணமும் ஒட்டும். தொட்டியில் சவர்க்காரம் இருந்தாலோ, அது துணியை முந்திக்கொண்டு சாஃப்ட்னரைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து பிசுக்காகிவிடும். அப்புறம் அழுக்கும் சரியாகப் போகாது, துணியும் மென்மையாகாது, மணத்தில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் பிசுக்கு துணியிலேயே படியும். வெள்ளைப் பள்ளிச் சீருடையில் சாம்பல் நிறத் திட்டுகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்காவின் துவாலை ஒன்றை விரித்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சேம்பு இலையில் நிற்பதுபோல அது உருண்டு நின்றது. துவாலை தண்ணீரைக் குடிக்கவில்லை. வீட்டில் நீங்களும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். சொட்டு உருண்டு நின்றால் கொழுப்பு ஏறியிருக்கிறது. உடலின் எண்ணெயும் வியர்வையும் அந்தப் படலத்தில் சிக்கிக்கொள்ளும். துணி நனைந்ததும் புளித்த வாடை கிளம்புவது அதனால்தான். அந்த வாடையை மறைக்க இன்னும் ஒரு மூடி ஊற்றினால் படலம்தான் தடிக்கும்.

வாசனை மணிகளின் கதை வேறு. தண்ணீரில் கரையும் மெழுகு போன்ற ஒரு பொருளில் மணத்தை ஏற்றியவை அவை. துணியை மென்மையாக்கும் வேலையைச் செய்வதில்லை. சவர்க்காரத்தோடு மோதுவதுமில்லை. அதனால் அவற்றைத் துவைக்கத் தொடங்கும்போதே, துணிக்கு முன்பாகத் தொட்டியில் போட வேண்டும். தயவுசெய்து சாஃப்ட்னர் ஊற்றும் பெட்டியில் போடாதீர்கள். அங்கே சரியாகக் கரையாமல் அடைத்துக்கொள்கின்றன. அந்தப் பெட்டிகளைக் கழுவும் வேலை என்னுடையது.

மணம் ஏன் நிற்கிறது, ஏன் போகிறது? எலுமிச்சை போன்ற இலேசான மணங்கள் துணி காய்வதற்குள்ளேயே பெரும்பாலும் பறந்துவிடும். சந்தனம், கஸ்தூரி வகை கனமானவை, நாள்கணக்கில் இருக்கும். பல தயாரிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களுக்குள் மணத்தை அடைத்திருக்கிறார்கள். உடுத்திய துணி உரசும்போது குமிழ் உடைந்து மணம் வரும். கொடியில் தொங்கும் சட்டை மணக்காமல், போட்டுக்கொண்டு நடக்கும்போது மணப்பது இதனால்தான். சூடான உலர்த்தியும் உச்சி வெயிலும் மணத்தைச் சீக்கிரம் விரட்டிவிடும். அதற்காக மழைநாளில் துணியை வீட்டுக்குள் ஈரமாகவே போட்டுவைக்காதீர்கள், ஈர வாடையை எந்த மணமும் வெல்லாது. வெயிலில் காயட்டும், காய்ந்ததும் உடனே எடுத்துவிடுங்கள். இன்னொன்று: தினமும் முகரும் மணத்துக்கு நம் மூக்கு பழகிவிடும். உங்களுக்கு வாசம் போய்விட்டதென்று தோன்றும்போது பக்கத்து வீட்டாருக்கு அது இன்னும் வீசிக்கொண்டிருக்கலாம்.

அக்காவின் துவாலைகளை 60 பாகை வெந்நீரில், தூள் மட்டும் போட்டுத் துவைத்தேன். முதல் தடவையிலேயே நுரை பால்போலக் கலங்கி வந்தது. சொட்டு அப்போதும் கொஞ்ச நேரம் நின்றது. இரண்டாவது தடவைக்குப் பிறகு, விட்டவுடன் உள்ளே போய்விட்டது.

அவரிடம் சொன்னதையே உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். சவர்க்காரத் தண்ணீரை முழுக்க வடித்து, ஒரு தடவை அலசிய பிறகு, கடைசி அலசலில் மட்டும் சாஃப்ட்னர் ஊற்றுங்கள். மூடியில் உள்ள கோட்டைத் தாண்டாதீர்கள். துணியின் மேல் நேராக ஊற்றாதீர்கள், கறை விழும். துவாலைக்கும் விளையாட்டுச் சட்டைக்கும் சாஃப்ட்னரே வேண்டாம். பிறந்த குழந்தையின் துணிக்கு மணம் எதுவும் போடாதீர்கள் அம்மா, அந்தத் தோல் தாங்காது.

அக்கா துவாலையை முகர்ந்து பார்த்தார். "ஒரு வாசமும் இல்லையே, தம்பி" என்றார். ஆமாம் அக்கா, சுத்தமான துணிக்கு வாசமே கிடையாது என்றேன்.