மூன்று மீனுக்கு நடுவே ஒரு சொல்: மாண்டரினில் எண்ணுவது எப்படி?

பினாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அங்கே சீனத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். மாண்டரின் பாடத்தில் எதை எண்ணச் சொன்னாலும் ‘கெ’ என்ற ஒரே சொல்லைப் போட்டு எழுதிவிடுகிறாளாம். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். “ஆனால் சீனத் தோழிகள் பேசும்போது அந்தக் கெ தான் அதிகம் காதில் விழுகிறது. இவள் செய்வது தப்பா?” என்று கேட்கிறார்.

தேர்வுத்தாளில் தப்பு. ஆனால் அவள் மனம் அந்த இடத்தில் செய்யும் வேலை, பெய்ஜிங்கில் பிறந்து வளர்ந்தவரின் மனம் செய்யும் அதே வேலை.

முதலில் அடிப்படை. நாம் ‘மூன்று மீன்’ என்று எண்ணையும் பெயரையும் நேராக ஒட்டிவிடுகிறோம். மாண்டரினில் அப்படி ஒட்டாது. நடுவே ஓர் அளவுச்சொல் வர வேண்டும். மூன்று புத்தகம் என்றால் ‘ஸான் பென் ஷூ’: ஸான் மூன்று, ஷூ புத்தகம், பென் என்பது புத்தகங்களுக்கான அளவுச்சொல். தாள், மேசை, படம் போன்ற தட்டையானவற்றுக்கு ‘ஜாங்’. பிடித்துத் தூக்கும் கத்தி, குடை, நாற்காலிக்கு ‘பா’. வண்டிகளுக்கு ‘லியாங்’. இவை சிறப்பு அளவுச்சொற்கள். ‘கெ’ மட்டும் ஏறக்குறைய எந்தப் பெயரோடும் சேரும் பொதுவான அளவுச்சொல். ‘இந்த’, ‘அந்த’, ‘எந்த’ என்று சுட்டும்போதும் பெரும்பாலும் இதே விதிதான்.

எந்தப் பெயருக்கு எந்தச் சொல் என்பதை முழுக்க யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ‘தியாவ்’ நீளமானவற்றுக்கு உரியது என்று பாடநூல் சொல்லும். ஆறு, சாலை, பாம்பு, மீன் எல்லாம் சரி. கால்சட்டையும் சரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு செய்தி, ஒரு சட்டப் பிரிவு, ஓர் உயிர், இவற்றுக்கும் தியாவ் தான். இதை வைத்துக்கொண்டு ‘சீனர்கள் உலகத்தையே வடிவங்களாகப் பார்க்கிறார்கள்’ என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. பாதி தர்க்கம், மீதி பழக்கம். அதனால் குழந்தைகள் ஒவ்வொரு பெயரோடும் சேர்த்து மனப்பாடம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த வரிசையை மறுபடி பாருங்கள்: எண், அளவுச்சொல், பெயர். எந்த அளவுச்சொல் என்பதைத் தீர்மானிப்பது பெயர். ஆனால் பெயர் கடைசியில்தான் வாய்க்கு வருகிறது. அதாவது, இன்னும் சொல்லாத ஒரு சொல்லைப் பார்த்துத்தான் இப்போதைய சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பென்’ என்று வாய் திறக்கும் கணத்தில், ‘புத்தகம்’ என்ற பெயர் மனதில் தயாராகியிருக்க வேண்டும். அது இன்னும் வரவில்லை என்றால்? பேச்சு அங்கேயே நிற்கும். கெ அந்தத் தடையை நீக்குகிறது. எந்தப் பெயர் வரப்போகிறது என்று தெரியாமலே அதைச் சொல்லிவிடலாம். பேச்சு நகர்ந்துகொண்டிருக்கும்போதே மனம் பெயரைத் தேடிக்கொள்ளும். சீனர்கள் பேச்சில் தயங்கும்போது ‘நா கெ… நா கெ…’ என்று இழுப்பதைக் கேட்டிருப்பீர்கள். ‘அந்த… அந்த…’ என்று நாம் இழுப்பதுபோலத்தான். அங்கே நிற்பது ‘பென்’னோ ‘தியாவ்’வோ இல்லை, எல்லாக் கதவையும் திறந்து வைக்கும் கெ தான்.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மெய்லின் ஜான், ரோஜர் லெவி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு நல்ல கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். வரப்போகும் பெயர் எளிதில் ஊகிக்க முடியாதது என்றால் பேசுபவர் என்ன செய்வார்? கேட்பவர் மீது கவனம் இருந்தால், சிறப்பு அளவுச்சொல்லைப் போட்டு முன்கூட்டியே ஒரு குறிப்புக் கொடுப்பார். ‘தியாவ்’ என்று கேட்டதுமே மீனா, பாம்பா, சாலையா என்று கேட்பவர் மனம் குறுகிவிடுமே! பேசுபவரின் சொந்தச் சிரமம்தான் முக்கியம் என்றால் நடப்பது நேர்மாறு: ஊகிக்க முடியாத பெயர் அவர் மனதிலும் தாமதமாக வரும், அதன் அளவுச்சொல்லும் கைக்கு எட்டாது, கெ தான் வரும். பெரியதொரு மாண்டரின் உரைத்தொகுப்பை அலசியபோது இரண்டாவதுதான் நடக்கிறது என்று தெரிந்தது. பெயர் எவ்வளவு எதிர்பாராததோ, கெ வரும் வாய்ப்பு அவ்வளவு கூடுகிறது.

அப்புறம் இன்னொரு அழகான விஷயம். அமெரிக்க மொழியியலாளர் வாலஸ் சேஃப் 1970-களில் பேச்சே இல்லாத ஒரு குறும்படத்தை எடுக்கச் செய்தார். ஒரு பையன் சைக்கிளில் வந்து பேரிக்காய்க் கூடையைத் திருடிக்கொண்டு போகும் கதை. பல மொழிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டி, கதையைச் சொல்லவைத்துப் பதிவு செய்தார்கள். மாண்டரின் கதைகளை ஆராய்ந்த மொழியியலாளர் மேரி எர்பா, சிறப்பு அளவுச்சொற்கள் ஒரு பொருள் புதிதாக நுழையும் இடத்தில்தான் அதிகம் தலைகாட்டுகின்றன என்று கண்டார். சைக்கிள் முதன்முதலாக வரும்போது ‘யி லியாங்’ என்று வண்டிக்குரிய சொல் வரும். கேட்பவருக்கு அது பழகிவிட்டால் ‘அந்த’ என்று சுட்டுவதற்குக் கெ போதும். ஆறு நிமிடப் படமும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் இத்தனையைக் காட்டியிருக்கின்றன. நம் குழந்தைகள் எண்ணிப் பேசுவதையும் இப்படிப் பதிவு செய்ய நம் பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

தைவானில் குழந்தைகளின் பேச்சையும் எர்பா பதிவு செய்தார். அவர்கள் அளவுச்சொல்லின் இடத்தைக் காலியாக விடுவதில்லை. அந்த இடத்தில் கெ போட்டு நிரப்புகிறார்கள். சிறப்புச் சொற்கள் ஒவ்வொன்றாக, மெதுவாக வந்து சேர்கின்றன. பினாங்குப் பெண்ணும் அதே வழியில்தான் போகிறாள். எண்ணை நேராகப் பெயரோடு ஒட்டுவதுதான் பெரிய பிழை, அதை அவள் செய்யவில்லை.

ஆனால் சந்தேகம் வந்தால் கெ என்ற வழி எல்லா இடத்திலும் உதவாது. தண்ணீரை எண்ண முடியாது, அங்கே கோப்பையோ புட்டியோ தான் அளவுச்சொல். ஆசிரியரை, விருந்தினரைக் குறிக்கும்போது ‘வெய்’ என்ற மரியாதைச் சொல் வேண்டும். கெ போட்டால் இலக்கணப் பிழை இல்லை, மரியாதை குறைந்துவிடும். நாளும் வருடமும் தாங்களே அளவுகள் என்பதால் நடுவே எதுவும் வராது: மூன்று நாள் ‘ஸான் தியென்’, மூன்று வருடம் ‘ஸான் நியென்’. இதே பழக்கத்தில் மாதத்துக்கும் கெ போடாமல் விட்டால் அர்த்தமே மாறிவிடும். ‘ஸான் கெ யுவே’ என்றால் மூன்று மாதங்கள். கெ இல்லாத ‘ஸான் யுவே’ மார்ச் மாதம்! மூன்று மாதம் விடுப்பு கேட்கிறவர் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மலேசியாவில் இருப்பதால் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பேசும் மாண்டரினில் ஆப்பிள், பந்து, தர்பூசணி போன்ற உருண்டைப் பொருள்களுக்கு ‘லி’ என்கிறார்கள். தென்சீன மொழிகளில் ஒன்றான ஹொக்கியனின் தாக்கம் அது. பாடநூல் மாண்டரினில் லி என்பது அரிசி, மாத்திரை போன்ற சின்ன மணிகளுக்குத்தான், ஆப்பிளுக்குக் கெ. அதனால் கடைவீதியில் லி என்று கேட்டாலும், ஆப்பிளுக்கு அவள் எழுதும் கெ தேர்வுத்தாளிலும் சரியான விடைதான்.