நன்றிப் பதிவில் கடன் நோட்டு

சின்னக் கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் போஸ்ட் செய்து கொடுப்பது என் வேலை. டிசம்பர் கடைசி வாரம் வந்தால் பலரும் கேட்பது, வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லும் ஒரு கேரசல். அதாவது, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஏழெட்டுப் படங்கள்.

போன வருஷம் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் ஏழு படங்கள் அனுப்பினார். நாலாவது படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்லா மேல் விரித்து வைத்த கடன் நோட்டு, பக்கத்தில் நூல் கட்டிய பேனா. "நம்பிக் கொடுத்தோம், நாணயமா நடந்துக்கிட்டீங்க" என்று எழுதச் சொல்லியிருந்தார். பெயர்கள் தெரியக் கூடாதென்று போனிலேயே கறுப்பு மார்க்கரால் அழித்தும் இருந்தார்.

படத்தின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டிப் பார்த்தேன். கறுப்புக்கு அடியில் "மாடி வீட்டு டீச்சர் 1,840" என்று படிக்க முடிந்தது. போனில் இருக்கும் ஹைலைட்டர் மாதிரியான பேனாக்கள் எழுத்தை முழுசாக மறைப்பதில்லை. மேலே ஒரு நிழலைப் பூசுகின்றன, அவ்வளவுதான். சொந்தப் பெயர் இல்லையே என்று விட்டுவிடவும் முடியாது. இந்தப் போஸ்டைப் பார்க்கப் போவதே அந்தத் தெருக்காரர்கள்தான். மாடி வீட்டு டீச்சர் யாரென்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகு கேரசலில் ஒரு படத்தை மட்டும் நீக்கலாம். ஆனால் அதே இடத்தில் வேறு படத்தை மாற்றி வைக்க முடியாது. அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் நீக்கியும் பயனில்லை. அதனால் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்துவிடுவேன். டெலிவரிப் பையில் ஒட்டிய சீட்டில் போன் நம்பர் இருக்கும். பின்னால் யூனிஃபார்மில் ஒரு குழந்தை நிற்கும், பள்ளிப் பெயரும் தெரியும். மறைப்பதைவிட அந்தப் பகுதியை வெட்டிவிடுவது நல்லது. வெட்ட முடியாவிட்டால் ஒளி ஊடுருவாத கட்டம் வைத்து மூடலாம். அண்ணாச்சியிடம் நோட்டை மூடி வைத்து வேறு படம் எடுக்கச் சொன்னேன். கிழிந்த அட்டையும் அந்தப் பேனாவுமே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன.

அப்புறம் அனுமதி. "போட்டோ போடலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். எந்த வரியோடு வரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் முடித்த படத்தையே காட்டச் சொல்வேன். ஆறாவது படத்தில் ஒரு பாட்டி இருந்தார். "கையில காசு இல்லாதப்பவும் வேற கடைக்குப் போனதில்லை" என்று அண்ணாச்சி பாசத்தோடுதான் எழுதியிருந்தார். பாட்டி பார்த்துவிட்டு, "படம் இருக்கட்டும்யா, காசு இல்லாத கதை வேண்டாம்" என்றார். "வெத்தலை வாங்க தினமும் முதல் ஆளா வர்றவங்க" என்று மாற்றிப் போட்டோம்.