பிசிடி எண்ணோடு மூன்றைக் கூட்ட ஆறு கேட் போதும்

பிசிடி என்பது ஒவ்வொரு தசம இலக்கத்தையும் நான்கு பிட்டில் எழுதும் முறை. எக்ஸஸ்-3 குறியீடு என்பது, அந்த பிசிடி இலக்கத்தோடு மூன்றைக் கூட்டி எழுதுவதுதான். 0 என்பது 0011 ஆகும், 9 என்பது 1100 ஆகும். ஒன்றில் 0 உள்ள இடத்தில் மற்றதில் 1 இருப்பதைக் கவனியுங்கள். இப்படி ஒவ்வொரு பிட்டையும் 0 என்றால் 1 ஆகவும் 1 என்றால் 0 ஆகவும் மாற்றினாலே ஒன்பதிலிருந்து கழித்த விடை வந்துவிடும். கழித்தலை எளிதாக்கும் இந்தக் குணத்துக்காகத்தான் 1951-இல் வந்த யுனிவாக் கணினி இதைப் பயன்படுத்தியது.

மூன்றைக் கூட்ட நான்கு பிட் கூட்டி சுற்று ஒன்றைப் போட்டுவிடலாம். ஆனால் கூட்டப்படும் எண் எப்போதும் 0011 மட்டுமே என்பதால் அதில் பாதி வேலை வீண். பாடப்புத்தகங்கள் இதற்கு, சுற்றைச் சுருக்க உதவும் கார்னோ வரைபடம் நான்கு போடச் சொல்லும். அது இல்லாமலே யோசித்துப் பார்க்கலாம்.

பிசிடி பிட்டுகள், பெரியதிலிருந்து, A, B, C, D என்றும், விடையின் பிட்டுகள் அதே வரிசையில் W, X, Y, Z என்றும் வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டு பிட்டோடு 11-ஐக் கூட்டினால் எப்போது மிச்சம் மேலே ஏறும்? C, D இரண்டும் பூஜ்யமாக இல்லாத எல்லா நேரத்திலும். ஆக, ஏறும் மிச்சம் வெறும் ஒரு ஆர் கேட். அதை T என்போம். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும்:

```
T = C OR D
Z = NOT D
Y = C XOR Z
X = B XOR T
W = A OR (B AND T)
```

மொத்தம் ஆறு கேட். 5-ஐ, அதாவது 0101-ஐ, கொடுத்துப் பார்ப்போம். T = 1. Z = 0, Y = 0. B-யும் T-யும் ஒன்றாக இருப்பதால் X = 0, W = 1. விடை 1000, அதாவது எட்டு. சரி.

W-க்கு எக்ஸ்-ஆர் போடாமல் ஆர் போட்டது எப்படிச் செல்லும்? முறையாகக் கூட்டினால் எக்ஸ்-ஆர்தான் வர வேண்டும். ஆனால் A ஒன்றாக இருப்பது 8, 9 இரண்டில் மட்டும். அப்போது B பூஜ்யம், எனவே A-யும் B AND T-யும் ஒரே நேரத்தில் 1 ஆகவே ஆகாது. பிசிடியில் 10 முதல் 15 வரை வராது என்ற சலுகையின் பலன் இது.

ஆனால் சிக்கலும் அங்கேதான். கம்பி ஏதாவது விலகி 1101 உள்ளே வந்துவிட்டால், ஆர் கேட் உள்ள சுற்று 1000 என்று தரும். அது 5-க்கு உரிய சரியான குறியீடு. பிழை வெளியே தெரியாது. 14-உம் 15-உம் அப்படியே 6, 7 என்று வேடமிட்டு வெளியேறும்.

W-க்குப் போட்ட அந்த ஒரு ஆர் கேட்டை எக்ஸ்-ஆராக மாற்றினால், 13, 14, 15 மூன்றும் 0000, 0001, 0010 ஆகிவிடும். 10, 11, 12 முன்பே 1101, 1110, 1111 ஆகத்தான் வந்துகொண்டிருந்தன. இந்த ஆறுமே எக்ஸஸ்-3-இல் இல்லாத குறியீடுகள், எனவே அடுத்த கட்டத்தில் பிடித்துவிடலாம். கேட் எண்ணிக்கை கூடவில்லை, ஆனால் எக்ஸ்-ஆர் கேட் உள்ளே ஆர் கேட்டைவிடச் சற்றுப் பெரியது. என்னைக் கேட்டால் அந்த விலையைக் கொடுக்கலாம்.

நமக்கு வேண்டிய சுற்றை உள்ளே அமைத்துக்கொள்ளும் சில்லான எஃப்பிஜிஏ-வில் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அங்கே நான்கு உள்ளீடு கொண்ட எந்தச் சார்பும் ஒரே அட்டவணைக்குள் அடங்கிவிடும். வெளியீட்டுக்கு ஒன்று வீதம் நான்கு போதும், ஆர் போட்டாலும் எக்ஸ்-ஆர் போட்டாலும் இடம் ஒன்றுதான்.