பூனைக்கடி செஃபலெக்ஸினுக்கு ஏன் கேட்கவில்லை?

தோல் சிவந்து, சூடாகி வலித்தால் செஃபலெக்ஸின் கொடுக்கலாம் என்று படித்திருப்போம். சீழ் இல்லாமல் காலில் பரவும் செல்லுலைடிஸுக்கு அது சரிதான். அங்கே பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் காரணம், செஃபலெக்ஸின் அதைப் பிடித்துவிடும்.

ஒரு பெண்ணுக்குக் காலையில் புறங்கையில் பூனை கடித்தது. அன்று இரவே கை வீங்கிவிட்டது. மறுநாள் ஓரிடத்தில் செஃபலெக்ஸின் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தபோது சிவப்பு மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை என்றார். நான் நம்பினேன், ஏனென்றால் குறை மாத்திரைத் தேர்வில் இருந்தது.

இந்தக் கிருமி எங்கிருந்து உள்ளே போனது? அவர் தோலிலிருந்து மட்டுமல்ல, பூனையின் வாயிலிருந்தும். அந்த வாயில் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற கிராம் நெகட்டிவ் கிருமி சர்வசாதாரணம். கூடவே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளும் இருக்கும். கடித்த 24 மணி நேரத்துக்குள்ளேயே வலியும் வீக்கமும் ஏறினால் முதல் சந்தேகம் பாஸ்டுரெல்லா மேல்தான். ஸ்டெஃபைலோகாக்கஸ் பொதுவாக அதைவிட மெதுவாகத் தலைகாட்டும்.

பாஸ்டுரெல்லா பென்சிலினுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் செஃபலெக்ஸின், க்ளாக்ஸாசிலின், எரித்ரோமைசின், க்ளிண்டாமைசின் ஆகியவற்றை நம்ப முடியாது. தோல் தொற்று என்றதும் நாம் எட்டி எடுக்கும் மாத்திரைகளே இவைதான் என்பது எனக்கு இன்னமும் கவலையாக இருக்கிறது.

அப்படியென்றால் அமாக்ஸிசிலின் மட்டும் போதாதா? பாஸ்டுரெல்லாவுக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கும் போதும். தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸும் ஆக்சிஜன் வேண்டாத சில கிருமிகளும் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியை விட்டு அதை உடைத்துவிடும். அந்த நொதியைத் தடுக்கத்தான் கூடவே க்ளாவுலனிக் அமிலம். அவருக்கு 875/125 மி.கி. மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை என்று மாற்றினேன். பென்சிலின் ஒவ்வாமை இருந்திருந்தால் டாக்ஸிசைக்ளினும் மெட்ரோனிடசோலும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். பாஸ்டுரெல்லாவை டாக்ஸிசைக்ளின் பார்த்துக்கொள்ளும், ஆக்சிஜன் வேண்டாதவற்றை மெட்ரோனிடசோல் பார்த்துக்கொள்ளும்.

மருந்தை மாற்றும் முன் காயத்திலிருந்து கசிந்ததைக் கல்ச்சருக்கு எடுத்தேன். ஒவ்வொரு விரலையும் நானே மெல்ல நீட்டிப் பார்த்தேன். பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், முனை மூட்டு வரைக்கும் தசைநாண் உறை வரைக்கும் போயிருக்கலாம். விரல் மடங்கியே நின்று, நீட்டினால் துடித்திருந்தால் மாத்திரையோடு நிறுத்தியிருக்க மாட்டேன், அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். ரேபிஸ் தடுப்பூசி, டெட்டனஸ் இரண்டும் தனிக் கணக்கு, அவற்றையும் அன்றே பார்த்தோம்.

சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு மறுநாளே வரச் சொன்னேன். வந்தபோது சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. அதற்கு அடுத்த நாள் கோட்டுக்கு உள்ளே இரண்டு விரற்கடை சுருங்கியிருந்தது.